பேசி முடித்த புகாருக்கு ஒரு பக்கக் கடிதம்

*வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். திருப்பூரில் மாடுலர் கிச்சன் செய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் 2,80,000 ரூபாய்க்கு வேலை செய்தேன். கொட்டேஷனும் பில்லும் பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் பெயரில். நான்கே மாதத்தில் சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டி தண்ணீர் இழுத்து உப்பிவிட்டது. ஆசிரியர் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போட்டுப் புகார் பதிந்தார், வக்கீல் நோட்டீஸும் அனுப்பினார். அப்புறம் நேரில் உட்கார்ந்து பேசி முடித்தோம்: சிங்க் பெட்டியையும் இரண்டு கதவுகளையும் 710 கிரேடு ப்ளைவுட்டில் மாற்றித் தர வேண்டும், 35,000 ரூபாய் திருப்பித் தர வேண்டும். 20,000 ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மீதி 15,000 வேலை முடிந்ததும் தர வேண்டும். பின்னால் மறுபடி வந்து கேட்கக் கூடாது என்று நண்பர் ஒருவர் ஐந்து பக்கப் பத்திரம் தயாரித்துக் கொடுத்தார். அதைப் படித்ததும் ஆசிரியர் கோபமாகி, "கையெழுத்துப் போட மாட்டேன், கோர்ட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே, அது போதாதா? கையெழுத்து வாங்கித்தான் ஆக வேண்டுமா? அவர் போட்ட கூகுள் ரிவியூவை நீக்கச் சொல்லலாமா?*

*பெயர் வெளியிட விரும்பாத வாசகர்*

வணக்கம். நீங்கள் இணைத்திருந்த பத்திரத்தை முழுவதும் படித்தேன். ஆசிரியர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கோபம்தான் வந்திருக்கும். மூன்றாவது பத்தியில், "மேற்படி புகார் உண்மைக்குப் புறம்பானது, உள்நோக்கம் கொண்டது" என்று இருக்கிறது. ஏழாவது பத்தி, "இனி எக்காலத்திலும் எவ்விதக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்" என்கிறது. ஒன்பதாவதில், இதை மீறினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டுமாம். அவர் வீட்டில் பெட்டி உப்பியதை நீங்களே போய்ப் பார்த்து, மாற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டீர்கள். அதே மனிதரிடம், நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுங்கள் என்றால் எப்படிப் போடுவார்? பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் மற்றவர்களின் பிழையைத் திருத்தியவர் வேறு.

உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். எங்கோ பெரிய கம்பெனிகளுக்குள் எழுதிய ஒப்பந்தத்தை எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார் என்று தெரிகிறது; நான்காம் பக்கத்தில் "பங்குதாரர்கள், துணை நிறுவனங்கள்" எல்லாம் வருகின்றன. உங்களுக்குத் தேவை ஒரே ஒரு பக்கக் கடிதம்.

ஸ்கிரீன்ஷாட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஜிபே ஸ்கிரீன்ஷாட், பணம் போனதற்குச் சாட்சி. எதற்காகப் போனது என்பதற்குச் சாட்சி அல்ல. என் கட்சிக்காரர் ஒருவர் சோபா கடை வைத்திருந்தார். துணி நிறம் மாறிப்போன புகாருக்காக ஒரு வாடிக்கையாளருக்கு 18,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார், எதுவும் எழுதி வாங்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அந்த 18,000, சோபாவைத் தாமதமாகக் கொண்டுவந்ததற்காகத் தந்தது, துணி விவகாரம் இன்னும் தீரவே இல்லை என்று மனுவில் இருந்தது. எங்கள் கையில் இருந்ததோ ஒரு தொகையும் ஒரு தேதியும்தான். பழைய வாட்ஸ்அப் உரையாடலைத் தேடி எடுத்து, மின்னணுச் சான்றுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்து, ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டியதற்காக நான்கு வாய்தா அலைந்தோம்.

உங்கள் விஷயத்திலும் அந்த இடைவெளி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவுப்படி, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். பெட்டி உப்பியது நான்காவது மாதம் என்றால், அங்கிருந்து இரண்டு வருடம் அந்தக் கதவு திறந்தே இருக்கும். நீங்கள் பணம் அனுப்பியதாலோ வேலை செய்து கொடுத்ததாலோ அது தானாக மூடாது. "இந்தக் குறைக்கு இது கொடுத்தார்கள், இதோடு தீர்ந்தது" என்று உரியவர் எழுதித் தந்தால்தான் மூடும். ஆகவே கையெழுத்து வாங்கத்தான் வேண்டும். எதில் வாங்குகிறோம் என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

யார் கையெழுத்துப் போட வேண்டும்

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது இதுதான். நீங்கள் ஆசிரியரின் கையெழுத்தைப் பற்றி மட்டுமே யோசிக்கிறீர்கள். ஆனால் பில் மகன் பெயரில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் வேலையை உங்களிடம் வாங்கியவர் அவர். அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டால், "எனக்கு இதில் சம்பந்தமில்லை, நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை" என்று மகன் நாளை தனியாக மனுப் போட முடியும். மகன் மட்டும் போட்டாலும் முழுமையாகாது. பணம் கொடுத்தவருடைய சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சமையலறையில் தினமும் சமைக்கிறவர்கள் ஆசிரியர் வீட்டார். நோட்டீஸும் ஆசிரியர் பெயரில்தான் வந்திருக்கிறது.

ஆகவே இரண்டு பேரும் போட வேண்டும். மகன் ஊருக்கு வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால், கடிதத்தின் வாசகத்தை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "இதற்குச் சம்மதம், என் சார்பில் அப்பா கையெழுத்துப் போடலாம்" என்று அவருடைய மின்னஞ்சலிலிருந்து பதில் வாங்கி, அதன் அச்சுப் பிரதியைக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். திருப்பித் தந்த 20,000 யாருடைய கணக்குக்குப் போனது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா கணக்குக்குப் போயிருந்தால், அங்கே செலுத்தியது தனக்குச் சம்மதம் என்று மகனின் பதிலில் ஒரு வரி சேரட்டும்.

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி

வார்த்தையை எவ்வளவு அகலமாகப் போடுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது.

தனக்கு வர வேண்டியதை ஒருவர் முழுதாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுக்கலாம், அதற்குப் பதில் வேறொன்றை ஏற்றுக்கொள்ளலாம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. உங்கள் சமரசத்துக்கு அடித்தளம் அதுதான். ஆனால் அந்த விட்டுக்கொடுத்தல் மனமறிந்து நடந்திருக்க வேண்டும். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று காப்பீட்டு நிறுவனங்கள் வாங்கும் ரசீதுகள் பற்றி 1999-இல் உச்ச நீதிமன்றம், அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் இதைத் தெளிவாக்கியது: கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதாலேயே ஒருவர் உரிமையை இழந்துவிட மாட்டார், மோசடியாலோ, தவறான தகவலாலோ, நெருக்கடி கொடுத்தோ வாங்கியது என்று அவர் நிரூபித்தால் ஆணையம் நிவாரணம் தரலாம். இப்போது உங்கள் ஐந்து பக்கத்தை அந்தக் கண்ணோடு பாருங்கள். புகார் பொய் என்று ஒரு வரி, இரண்டு லட்சம் அபராதம் என்று ஒரு வரி. நெருக்கடி கொடுத்துத்தான் வாங்கினார்கள் என்று வாதாட எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு சாட்சியே வேண்டாம், பத்திரமே பேசும். போதாக்குறைக்கு, நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்துவதை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று 2019 சட்டத்தின் 2(46) பிரிவு வரையறுக்கிறது. 35,000 ரூபாய் விவகாரத்துக்கு 2 லட்சம் என்பது அந்த வரையறைக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எனவே அந்த வரி குறுகலாக இருக்கட்டும்: இந்த பில், இந்தக் குறை, இந்தப் புகார் எண், இந்த நோட்டீஸ். இவற்றுக்காக இனி பணமோ நஷ்டஈடோ கேட்க மாட்டோம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"அப்படியென்றால் வேறு ஏதாவது பழுதானால் வருவாரே" என்பீர்கள். வருவார், வரத்தான் செய்வார். மேல் அலமாரி ஒன்று அடுத்த வருடம் சுவரைவிட்டுக் கழன்று யார் தலையிலாவது விழுந்தால், "எக்காலத்திலும் எவ்விதக் கோரிக்கையும்" என்ற வாசகம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள். இன்னும் நடக்காத, யாரும் நினைத்தும் பார்க்காத ஒன்றை சிங்க் பெட்டிக்கான 35,000 ரூபாயில் அவர் விற்றுவிட்டார் என்று எந்த ஆணையத்தை நம்ப வைப்பீர்கள்? புதிதாக மாற்றும் பெட்டியே மறுபடி உப்பினாலும் அது புதுக் குறைதான். அதனால்தான் உத்தரவாதத்தையும் கடிதத்திலேயே சொல்லிவிடச் சொல்கிறேன். மாற்றிய பெட்டிக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்று நீங்கள் இருவரும் பேசவே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. இப்போதே பேசிவிடுங்கள். கீழே நான் ஓராண்டு என்று போட்டிருப்பது மாதிரிக்காகத்தான்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்

> பொருள்: பில் எண் ……, தேதி ……, சமையலறை வேலை பற்றிய புகார் முடிவு பெற்றது.
>
> மேற்படி பில்லின்படி எங்கள் வீட்டில் செய்த மாடுலர் கிச்சனில், சிங்க்குக்குக் கீழுள்ள பெட்டி நீர் இழுத்து உப்பியது தொடர்பாக 1915 உதவி எண்ணில் பதிந்த புகார் எண் ……, மற்றும் …… தேதியிட்ட வக்கீல் நோட்டீஸ் குறித்து இரு தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வந்தோம்.
>
> அதன்படி சிங்க் பெட்டியும் இரண்டு கதவுகளும் 710 கிரேடு ப்ளைவுட்டில் மாற்றப்பட்டு …… அன்று வேலை முடிந்தது. பார்த்து, சரியென ஏற்றுக்கொண்டோம். விலைக் குறைப்பாக …… அன்று 20,000 ரூபாயும் …… அன்று 15,000 ரூபாயும், ஆக மொத்தம் 35,000 ரூபாய் …… வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. பரிவர்த்தனை எண்கள்: …… , ……
>
> இத்துடன் மேற்சொன்ன குறை பற்றிய எங்கள் புகார் முழுமையாகத் தீர்ந்தது. அந்தக் குறைக்காக இனி பணமோ நஷ்டஈடோ செலவுத்தொகையோ கோர மாட்டோம். நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறோம். 1915-இல் உள்ள புகார் தீர்ந்துவிட்டதாக நாங்களே தெரிவிப்போம்.
>
> மாற்றிய பெட்டிக்கும் கதவுகளுக்கும் இன்று முதல் ஓராண்டு உத்தரவாதம் உண்டு. மற்ற பகுதிகளுக்கு பில்லில் உள்ள உத்தரவாதம் அப்படியே தொடரும். இந்த உடன்பாடு எந்தத் தரப்பும் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

கீழே அப்பா, மகன், நீங்கள், மூவரின் கையெழுத்தும் தேதியும். இரண்டு பிரதி எடுத்து தரப்புக்கு ஒன்று. பெற்ற தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால், பணம் பெற்றவர் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்டாம்ப்பின் மேல் விழும்படி கையெழுத்துப் போடட்டும்.

கடிதத்தின் கடைசி வரியைப் பாருங்கள். "புகார் பொய்" என்ற வாசகத்தின் மூலம் உங்கள் நண்பர் அடைய நினைத்தது இதைத்தான். நீங்கள் பணம் கொடுத்ததாலேயே மட்டமான மரம் போட்டதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது என்ற உங்கள் பயத்துக்கு அந்த ஒரு வரி போதும். ஆசிரியரும் எதையும் விழுங்க வேண்டியதில்லை.

"விலைக் குறைப்பாக" என்ற சொல்லை நான் சும்மா போடவில்லை. நஷ்டஈடு என்று எழுதுவதும் விலையைக் குறைத்தது என்று எழுதுவதும் ஜிஎஸ்டி கணக்கில் ஒன்றல்ல. எது உங்களுக்குப் பொருந்தும், கிரெடிட் நோட் போடலாமா என்று கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எப்போது வாங்குவது

இந்தக் கடிதம் முழுக்க நடந்து முடிந்ததைச் சொல்கிறது. ஆகவே வேலை முடிவதற்கு முன்பு இதில் கையெழுத்துக் கேட்காதீர்கள். இன்றைக்கு அனுப்ப வேண்டியது வேறு: பேசியது இன்னது, இந்தத் தேதிக்குள் பெட்டி மாறும், அன்றே 15,000 தருவேன், அப்போது இணைத்துள்ள கடிதத்தில் கையெழுத்து வேண்டும் என்று நான்கு வரி மின்னஞ்சல். இருவருக்கும் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். கடிதத்தின் வாசகத்தை அவர்கள் இரண்டு மூன்று நாள் வைத்துப் படிக்கட்டும், அவர்களுடைய வக்கீலிடம் காட்டட்டும். நெருக்கடி கொடுத்து வாங்கினார் என்ற பேச்சுக்கு அப்புறம் இடமே இருக்காது.

பெட்டி பொருத்திய அன்று சிங்க்கை நிரப்பி மொத்தமாகத் திறந்துவிட்டு, கீழே குழாய் இணைப்பில் கசிகிறதா என்று அவர்கள் கண்முன்னே பாருங்கள். ஓர் இரவு விட்டு மறுநாள் இன்னொரு தடவை பாருங்கள். பல வீடுகளில் பெட்டி உப்புவது மரத்தால் மட்டும் அல்ல, வடிகுழாயின் வாஷரால் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ப்ளைவுட் வாங்கிய பில்லின் நகலையும் கையோடு கொடுத்துவிடுங்கள், 710 என்று சொன்னதற்கு அதுதான் ஆதாரம்.

பிறகு மேசையில் கடிதத்தை வைத்துக்கொண்டே 15,000-ஐ அனுப்புங்கள். அவர் போனில் பணம் வந்த செய்தி வந்ததும், பரிவர்த்தனை எண்ணைக் கடிதத்தில் கையால் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடலாம். பணமா கையெழுத்தா, எது முதலில் என்ற சண்டைக்கு வழியில்லை. காசோலையாகக் கொடுப்பதென்றால் மட்டும், "காசோலை பணமான பிறகே இது செல்லும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அவர் கேட்பார். கேட்டால் மறுக்காதீர்கள், அது நியாயம்தான்.

எல்லாம் செய்த பிறகும் அவர் கையெழுத்துப் போட மறுத்தால்? ஒப்புக்கொண்ட 15,000-ஐப் பிடித்து வைக்காதீர்கள், வாக்கை மீறியவர் நீங்கள் என்றாகிவிடும். பணத்தை அனுப்பிவிட்டு, என்ன பேசினோம், என்ன செய்தேன், எப்போது எவ்வளவு கொடுத்தேன் என்று நீங்களே ஒரு கடிதம் எழுதி, இதில் பிழை இருந்தால் 15 நாளில் தெரிவிக்கவும் என்று கேட்டு, அப்பா, மகன், நோட்டீஸ் அனுப்பிய வக்கீல் மூவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அவர்கள் பதில் போடவில்லை என்பதாலேயே சம்மதித்ததாக ஆகாது. ஆனால் விஷயம் நடந்த சூட்டோடு எழுதிய கடிதத்துக்கு, பின்னாளில் சொல்லும் கதையைவிட மதிப்பு அதிகம். அந்த வக்கீலுக்கு ஒரு பிரதி போவது எப்படியும் நல்லது. சமரசம் ஆனது தெரியாமல் அவர் பாட்டுக்கு மனுவைத் தாக்கல் செய்துவிட்ட கதைகள் உண்டு.

அப்படி ஏற்கெனவே ஆணையத்தில் மனு ஏறியிருந்தால் மட்டும் இந்தக் கடிதம் போதாது. இரு தரப்பும் சேர்ந்து சமரச மெமோ தாக்கல் செய்து, ஆணையம் அதைப் பதிவு செய்து உத்தரவு போட்டால்தான் கோப்பு மூடும். பேசி முடித்தாயிற்றே என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிட்டால், நீங்கள் வரவில்லை என்று எழுதிக்கொண்டு உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். உங்கள் விவகாரம் இன்னும் நோட்டீஸ் அளவிலேயே இருப்பதாகத் தெரிகிறது. ஆனாலும் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூகுள் ரிவியூவை நீக்கச் சொல்லலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கேட்கலாம், வாயால். "புகார் பின்னர் சரிசெய்யப்பட்டது" என்று அவரே ஒரு வரி சேர்த்தால், நீக்கியதைவிட உங்கள் கடைக்கு லாபம். அதைக் கடிதத்தில் நிபந்தனையாக ஏற்றினால் மறுபடி முதல் பக்கத்துக்கே போவோம்.

இன்று மாலை ஆசிரியருக்கு போன் செய்து, அந்தப் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டேன், ஒரு பக்கத்தில் வேறு எழுதி அனுப்புகிறேன், பார்த்துத் திருத்திக் கொடுங்கள் சார் என்று சொல்லுங்கள். மகன் அடுத்து எப்போது ஊருக்கு வருகிறார் என்று கேட்டு, பெட்டி மாற்றும் தேதியை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்ளுங்கள்.